நேற்று சொன்னதை இன்று எழுதுவது: ஆங்கில மின்னஞ்சலில் அயற்கூற்றும் காலமும்

1. கேள்வி

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் மேலாளர் சொன்னவற்றை, கூட்டத்துக்கு வராதவர்களுக்காகப் புதன்கிழமை காலையில் மின்னஞ்சலாக எழுத வேண்டும். கூட்டம் தமிழிலோ ஆங்கிலம் கலந்த தமிழிலோ நடந்திருக்கும். மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள அலுவலகங்களில் இது அன்றாட வேலை. எழுத உட்கார்ந்தவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரே இடத்தில்தான் தயங்குகிறார். ‘மேலாளர் சொன்னார்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கியாகிவிட்டது. அடுத்து வர வேண்டியது ‘இஸ்’ஸா ‘வாஸ்’ஸா, ‘வில்’லா ‘வுட்’டா?

பள்ளியில் படித்த விதி இதற்கு உடனே ஒரு பதில் தந்துவிடும். அந்தப் பதில் இலக்கணப்படி பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் இலக்கணப் பிழையே இல்லாத மின்னஞ்சல்கூட, மேலாளர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகக் காட்டிவிட முடியும். அது எப்படி நேர்கிறது என்பதைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது. ஆங்கிலத்தின் காலப் பின்னகர்வு விதி எந்த நிலைமைக்காக வகுக்கப்பட்டது, தமிழிலிருந்து அதற்குள் நுழைகிறவர் எங்கே சறுக்குகிறார், இந்திய ஆங்கிலத்தின் சில பழக்கங்கள் அதை எப்படி இன்னும் சிக்கலாக்குகின்றன என்ற வரிசையில் பார்க்கலாம்.

2. பள்ளிப் பாடத்தின் விதி

இந்தியாவில் ஆங்கில இலக்கணம் படித்த மூன்று நான்கு தலைமுறையினருக்கு ரென் அண்ட் மார்ட்டின்தான் வேதம். அதைப் பார்த்து எழுதப்பட்ட துணைநூல்களும் அதே விதியையே சொல்கின்றன. சொல்லும் வினை இறந்தகாலத்தில் இருந்தால், சொல்லப்பட்ட பேச்சின் வினையும் ஒரு படி பின்னால் போக வேண்டும். நிகழ்காலம் இறந்தகாலமாகும், இறந்தகாலம் ‘ஹேட்’ சேர்ந்த முன்இறந்தகாலமாகும், ‘வில்’ ‘வுட்’ ஆகும், ‘கேன்’ ‘குட்’ ஆகும், ‘மஸ்ட்’ ‘ஹேட் டு’ ஆகும். கூடவே ‘இன்று’ ‘அன்று’ ஆகும், ‘நாளை’ ‘மறுநாள்’ ஆகும். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பது போன்ற எக்காலத்துக்கும் பொருந்தும் உண்மைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இவ்விதியின் அமைப்பு லத்தீன் இலக்கணத்திலிருந்து ஆங்கிலப் பள்ளிகளுக்கு வந்தது. அதை வகுத்தவர்களின் மனத்தில் இருந்தது வரலாறும் கதையும். ஒரு தளபதி சொன்னதை நூறு ஆண்டு கழித்து ஒருவர் எழுதுகிறார். சொன்ன நாளும் எழுதும் நாளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தளபதியின் ‘நாளை’ முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த நிலைமையில் எல்லாவற்றையும் ஒரு படி பின்னுக்குத் தள்ளுவது இயல்புதான். நேற்றைய கூட்டத்தைப் பற்றிய மின்னஞ்சலின் நிலைமை வேறு. மேலாளர் சொன்ன ‘நாளை’ இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அவர் சொன்னவற்றில் சில முடிந்துவிட்டன, சில நடக்கின்றன, சில இனிமேல் நடக்க வேண்டும். விதியில் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க இடமில்லை.

3. மொழியியலாளர்கள் சொல்வது

‘பின்னகர்வு’ என்ற பெயரில் இந்நிகழ்வை விவரித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பெர்சன். 1924இல் வெளியான ‘தி ஃபிலாசஃபி ஆஃப் கிராமர்’ நூலில் அவர் அயற்கூற்றை விரிவாகவே எடுத்துப் பேசுகிறார். அதற்குப் பின் வந்த விவாதத்தை இரண்டு நிலைப்பாடுகளாகச் சுருக்கிவிடலாம். பெர்னார்ட் காம்ரி 1980களில் எழுதியவற்றில், இது அடிப்படையில் வடிவம் சார்ந்த விதி என்கிறார்: தலைமை வினை இறந்தகாலத்தில் இருந்தால் உள்வினையும் பின்னகரும், சொல்லப்பட்ட செய்தி இன்னும் பொருந்துவதாக இருந்தால் மட்டும் நகர்த்தாமல் விடலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ரெனாட் டெக்லர்க் இதை ஏற்கவில்லை. எழுதுகிறவர் சொன்னவரின் நேரத்தோடு செய்தியைச் சேர்த்துவைக்கிறாரா, தன் நேரத்தோடு சேர்த்துவைக்கிறாரா என்பதே கேள்வி. வினையின் காலம் அந்தத் தேர்வைத்தான் காட்டுகிறது என்பது அவருடைய வாதம்.

தினமும் மின்னஞ்சல் எழுதுகிறவருக்கு டெக்லர்க்கின் பார்வைதான் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. விதி என்று எடுத்துக்கொண்டால் பின்பற்றினோமா இல்லையா என்பதோடு நின்றுவிடுவோம். தேர்வு என்று எடுத்துக்கொண்டால், எதைத் தேர்ந்தோம், ஏன் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிவரும். 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் தொகுத்த பெரிய கேம்பிரிட்ஜ் இலக்கணமும், செய்தி இன்னும் நடப்பில் இருக்கும் இடங்களில் பின்னகர்வு விருப்பத்துக்குரியது என்றே சொல்கிறது.

நகர்த்தாமல் விட்டால் என்ன ஆகும்? இங்கே பொருண்மையியலாளர்கள், குறிப்பாக மூர்வெட் என்ச்சும் டோரிட் அபுஷும், ஒரு நுட்பமான செய்தியைச் சொல்கிறார்கள். ‘சொன்னார்’ என்பதற்குக் கீழே ‘இஸ்’ வந்தால், அந்த நிலை சொன்ன நேரத்தையும் எழுதும் நேரத்தையும் ஒருசேரத் தழுவியாக வேண்டும். மேலாளர் சொன்னது உண்மை என்று எழுதுகிறவர் இதனால் சான்று கொடுத்துவிடுவதில்லை. ஆனால் அந்த விஷயம் இன்னும் காலாவதியாகவில்லை, இந்த நிமிடம் வரை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அவர் பொறுப்பேற்கிறார். ‘வாஸ்’ என்று எழுதினால் அந்தப் பொறுப்பு இல்லை. நிலை தொடர்ந்தாலும் தொடராவிட்டாலும் ‘வாஸ்’ பொய்யாகாது.

‘வாஸ்’ வேறொரு இடத்தில் இடறிவிடும். ‘போர்ட்டல் வேலை செய்யவில்லை’ என்பது ஒரு நிலை. ‘தவறைக் கண்டுபிடித்தார்கள்’ என்பது ஒரு நிகழ்ச்சி. ‘சொன்னார்’ என்பதற்குக் கீழே நிகழ்ச்சி வினை இறந்தகாலத்தில் வந்தால், அது சொல்வதற்கு முன்பே நடந்தது என்று ஆங்கில வாசகர் தானாகவே எடுத்துக்கொள்வார். ‘ஹேட்’ இல்லாமலே காரியம் நடந்துவிடுகிறது. நிலையைக் குறிக்கும் வினை அப்படி இல்லை. போர்ட்டல் ‘வாஸ் டவுன்’ என்று மேலாளர் சொன்னதாக எழுதினால், அவர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அது முடங்கிக் கிடந்தது என்பதுதான் முதலில் தோன்றும் பொருள். அதற்கு முந்திய ஒரு நாளில் முடங்கியிருந்தது என்றால் ‘ஹேட் பீன்’ வேண்டும், அல்லது எந்த நாள் என்று சொல்லியாக வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லித்தரும் பள்ளித் துணைநூலை நான் பார்த்ததில்லை. ‘இறந்தகாலம் எல்லாம் ஹேட் ஆகும்’ என்று ஒரே வரியில் அவை முடித்துக்கொள்கின்றன. தேவையில்லாத இடத்தில் ‘ஹேட்’ குவிவதற்கும், தேவையான இடத்தில் அது விடுபடுவதற்கும் அந்த ஒரு வரிதான் காரணம்.

4. தமிழில் என்ன நடக்கிறது

தமிழில் இப்படிப்பட்ட பின்னகர்வு கிடையாது. ‘நாளைக்கு அனுப்புறேன்னு மேடம் சொன்னாங்க’ என்றால், ‘சொன்னாங்க’ இறந்தகாலமாக இருப்பது ‘அனுப்புறேன்’ என்பதை ஒன்றும் செய்வதில்லை. ‘என்று’ பேசியவரின் வாக்கியத்தை ஏறக்குறைய அப்படியே தூக்கிவந்து வைத்துவிடுகிறது. ‘தான் அனுப்புவேன் என்று சொன்னார்’ என்ற வாக்கியத்தில் ‘தான்’ வந்த பிறகும் வினையில் தன்மை விகுதி நிற்பதைக் கவனிக்கலாம். ‘அனுப்புவதாகச் சொன்னார்’ என்று முறையான அயற்கூற்றாக மாற்றினாலும் எதிர்காலம் எதிர்காலமாகவே இருக்கிறது. ‘அனுப்பியதாக’ என்றால் சொல்வதற்கு முன்பே அனுப்பியாகிவிட்டது என்று பொருள். காலம் சொன்னவரின் நேரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஜப்பானியமும் ரஷ்ய மொழியும் இப்படித்தான். ஆகவே இதைத் தமிழரின் குறைபாடாகப் பார்க்க ஒன்றுமில்லை. உலகத்து மொழிகள் பல இவ்வகை. ஆங்கிலம் வேறு வகை.

இதிலிருந்து பிறக்கும் பிழை எல்லோரும் அறிந்தது. ‘ஷி செட் ஷி வில் செண்ட் இட் டுமாரோ’ என்று எழுதுவது தமிழின் ‘என்று’ வாக்கியத்தை ஆங்கிலச் சொற்களில் வைப்பதுதான். இதில் இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘வில்’ ஒரு தேர்வு. சில வேளைகளில் அது சரியாகவே இருக்கும். ‘டுமாரோ’ அப்படியில்லை. தமிழில் ‘என்று’ காவல் இருப்பதால் ‘நாளைக்கு’ என்பதைச் சொன்னவரின் நாளிலிருந்து எண்ண முடிகிறது. ஆங்கில அயற்கூற்றில் அதை எழுதுகிறவரின் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். செவ்வாயன்று சொன்ன ‘நாளை’ புதன்கிழமை. புதன்கிழமை மின்னஞ்சலில் ‘டுமாரோ’ வியாழக்கிழமை. வினையின் காலத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டவர், ஒரு நாள் தவறிப்போனதைக் கவனிப்பதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. தமிழின் ‘செய்யவில்லை’ என்ற எதிர்மறை, நிகழ்காலம் இறந்தகாலம் இரண்டுக்கும் பொது. ‘போர்ட்டல் வேலை செய்யலை’ என்றால் இப்போதா, அன்றைக்கா? கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவருக்குச் சூழல் அதைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டில் ஒன்றை அவரே தெரிந்தெடுக்க வேண்டும். தெரிந்தெடுக்கிறோம் என்ற உணர்வே இல்லாமல்தான் பெரும்பாலும் அது நடக்கிறது.

5. ஒரு கூட்டம், ஒரு மின்னஞ்சல்

இதுவரை சொன்னவற்றை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம். எடுத்துக்காட்டு என்னால் அமைக்கப்பட்டது. அதில் வரும் வாக்கியங்கள் எந்த அலுவலகத்திலும் காதில் விழக்கூடியவை. 2025 ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை. சென்னையில் பில்லிங் பிரிவின் கூட்டம். மேலாளர் பேசுகிறார்:

“மார்ச் பில்லுல கிளையண்ட்டுக்குத் திருப்தி இல்லை. வெள்ளிக்கிழமையே அக்கவுண்ட்ஸ்ல தப்பைக் கண்டுபிடிச்சிட்டாங்க. ஆனா போர்ட்டல் வேலை செய்யலை. திருத்தின பில்லை நாளைக்கு நானே அனுப்பிடுறேன். அவங்க ஒத்துக்கிட்டா வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம். பழைய ஃபைலை யாரும் தொடக்கூடாது.”

மறுநாள் புதன்கிழமை காலை 10 மணிக்குக் கோயம்புத்தூர் கிளையில் உள்ளவர்களுக்கு ஒருவர் எழுதுகிறார். பள்ளி விதியைச் சிரத்தையாகப் பின்பற்றுகிறார்:

```
She said that the client was not happy with the March invoice.
She said that Accounts had found the error on Friday.
She said that the portal was not working.
She said that she would send the corrected invoice the next day.
She said that if they agreed, we could close it by Thursday.
She said that nobody had to touch the old file.
```

ஆங்கில ஆசிரியர் திருத்தினால் இந்த ஆறு வரியில் சிவப்பு மை அநேகமாகப் படாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வரி நன்றாகவே இருக்கிறது. கிளையண்ட்டின் மனநிலை புதன்கிழமை காலையில் எப்படி என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. இரவோடிரவாக அவர்கள் சமாதானமாகியிருக்கலாம். ‘வாஸ்’தான் அவருக்குப் பாதுகாப்பு. இரண்டாவது வரியில் ‘ஹேட்’ தவறில்லை, தேவையுமில்லை. கண்டுபிடித்தது நிகழ்ச்சி, கூடவே வெள்ளிக்கிழமை என்ற நாளும் இருக்கிறது. எளிய இறந்தகாலமே போதும்.

மூன்றாவது வரியில்தான் செய்தி மாறத் தொடங்குகிறது. மேலாளர் சொன்னது வெள்ளிக்கிழமை போர்ட்டல் வேலை செய்யாததைப் பற்றி. கண்டுபிடித்தும் உடனே திருத்த முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். ஆங்கில வரியைப் படிக்கும் கோயம்புத்தூர்க்காரர், செவ்வாய்க்கிழமை கூட்டம் நடக்கும்போது போர்ட்டல் முடங்கியிருந்தது என்று புரிந்துகொள்வார். இன்றைக்கும் முடங்கியிருக்குமோ என்று யோசித்துத் தன் வேலையைத் தள்ளிப்போட்டாலும் வியப்பில்லை. இங்கே ‘அன்றைக்கு’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

நான்காவது வரியில் ‘வுட்’ சரி, ‘தி நெக்ஸ்ட் டே’ சரியில்லை. இது வரலாற்று நூலுக்கான சொல். மறுநாள் என்பது புதன்கிழமை. மின்னஞ்சல் எழுதப்படும் நாளும் புதன்கிழமை. இன்றைய நாளை ‘மறுநாள்’ என்று யாரும் சொல்வதில்லை என்பதால், படிப்பவர் அதை வியாழக்கிழமை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. ‘டுமாரோ’ என்று எழுதிய பிழைக்கும், விதிப்படி அதைத் திருத்திய ‘சரி’க்கும் விளைவு ஒன்றாகவே போய்விடுகிறது. எழுத வேண்டியது ‘டுடே’, அல்லது தேதி.

ஐந்தாவது வரியில் ‘அக்ரீட்’, ‘குட்’ என்று இரண்டும் பின்னகர்ந்துவிட்டன. நடக்காத ஒன்றைக் கற்பனை செய்யும்போது ஆங்கிலத்தில் வருவதும் இதே வடிவம்தான். ‘அவங்க ஒத்துக்கிட்டா முடிச்சிடலாம்’ என்ற நம்பிக்கையான பேச்சு, ‘ஒத்துக்கொள்ளவா போகிறார்கள்’ என்ற சந்தேகச் சாயலோடு போய்ச் சேரலாம். வியாழக்கிழமை இன்னும் வரவில்லை, கிளையண்ட்டின் பதிலும் வரவில்லை. மேலாளர் வைத்த நிபந்தனை புதன்கிழமை காலையிலும் திறந்தே இருக்கிறது. நகர்த்தாமல் ‘அக்ரீஸ்’, ‘கேன்’ என்று விடுவதே இங்கு தெளிவு.

ஆறாவது வரிதான் ஆபத்தானது. ‘யாரும் தொடக்கூடாது’ என்பதை ‘நோபடி மஸ்ட் டச்’ என்று மனத்துக்குள் ஆங்கிலமாக்கிக்கொண்டு, ‘மஸ்ட்’ என்றால் ‘ஹேட் டு’ என்ற அட்டவணையைப் போட்டிருக்கிறார். ‘நோபடி ஹேட் டு டச்’ என்பதன் பொருள், யாரும் தொட வேண்டிய கட்டாயம் இல்லை என்பது. தடை போய்விட்டது; விரும்பினால் தொடலாம் என்றாகிவிட்டது. ‘மஸ்ட்’ கட்டாயத்தைக் குறிக்கும் உடன்பாட்டு வாக்கியத்தில்தான் ‘ஹேட் டு’ அதற்கு ஈடாகும். எதிர்மறையில் அந்த ஈடு கவிழ்ந்துவிடும். தடையை அயற்கூற்றில் சொல்ல ‘மஸ்ட்’டை அசையாமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆங்கிலம் அதை அனுமதிக்கிறது. ‘ஷுட்’ போலவே ‘மஸ்ட்’டுக்கும் தனி இறந்தகால வடிவம் கிடையாது.

ஆக, இந்த மின்னஞ்சல் இப்படிப் போயிருக்கலாம்:

```
In Tuesday's meeting, the manager said the client was not happy
with the March invoice. She said Accounts found the error on Friday,
but the portal was down that day. She said she would send the
corrected invoice today, 9 April. If the client agrees, she said,
we can close this by Thursday. She also said nobody must touch
the old file.
```

ஒரே பத்தியில் ‘வாஸ்’, ‘வுட்’, ‘அக்ரீஸ்’, ‘மஸ்ட்’ எல்லாம் கலந்து கிடப்பது பள்ளிக் கண்ணுக்கு ஒழுங்கின்மையாகப் படும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, அந்தக் காரணங்கள் வேறுவேறானவை.

6. ‘வில்’லா ‘வுட்’டா

நான்காவது வரியை இன்னும் சற்று நேரம் பார்க்க வேண்டும், ஏனென்றால் மின்னஞ்சலில் அதிகம் வருவது வாக்குறுதிகள்தான். மேலாளர் பில்லை அனுப்புவதாகச் சொன்னது ‘வில்’லாக இருக்கலாமா? புதன்கிழமை காலை 10 மணிக்கு அவர் இன்னும் அனுப்பவில்லை, அனுப்பப்போகிறார் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்தால், ‘வில்’ இலக்கணப்படி குற்றமில்லை. ஒன்பதரைக்கே அனுப்பிவிட்டார் என்றால் ‘வில்’ தவறான செய்தி. மாலை வரை அனுப்பவில்லை, அந்த வேளையில் மின்னஞ்சலை ஒருவர் திறந்து படிக்கிறார் என்றால், ‘வில்’ எழுதியவர் மேலாளரின் வாக்குறுதிக்குத் தானும் ஜாமீன் நின்றவர் போலத் தெரிவார். ‘வுட்’ இந்த மூன்று நிலைமையிலும் நிற்கிறது. அது நேற்று அவர் சொன்னதை மட்டுமே சொல்கிறது.

ஆகவே ‘வுட்’டைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லி முடித்துவிடலாம் என்றால், இந்திய ஆங்கிலம் குறுக்கே வருகிறது. ‘ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ’ என்று நம் அலுவலகங்களில் எழுதாதவர் குறைவு. பணிவுக்காக ‘வில்’லின் இடத்தில் ‘வுட்’டைப் போடுவது இந்திய ஆங்கிலத்தின் இயல்புகளில் ஒன்று என்று அதை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எளிய இறந்தகாலம் வர வேண்டிய இடத்தில் ‘ஹேட்’ போடுவதும் அதைப் போன்றதே: ‘ஐ ஹேட் செண்ட் தி மெயில் எஸ்டர்டே’. இதற்கு ‘அனுப்பியிருந்தேன்’ என்ற தமிழ்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்தி பேசுவோரின் ஆங்கிலத்திலும் இப்பழக்கம் இருப்பதால் தமிழின் மேல் மட்டும் பழிபோட முடியாது.

இவ்விரு பழக்கங்களையும் பொதுவாக நடை சார்ந்த சிறு குறைகளாகவே பார்க்கிறார்கள். அயற்கூற்றைப் பொறுத்தவரை அவை அதைவிடப் பெரிய சேதம் செய்கின்றன. ‘இது நான் சொல்வதில்லை, அவர் சொன்னது’ என்று காட்ட ஆங்கிலத்திடம் உள்ள முக்கியமான அடையாளங்கள் ‘வுட்’டும் ‘ஹேட்’டும்தான். அவற்றை எல்லா வாக்கியத்திலும் தூவிவிட்டால், உண்மையிலேயே தேவைப்படும்போது அவை எதையும் காட்டுவதில்லை.

இதன் விளைவு ‘ஷி செட்’ விடுபடும் இடத்தில் தெரியும். ஆறு வரியிலும் ‘அவர் சொன்னார்’ என்று எழுதச் சலித்து, முதல் வரியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். பிரிட்டிஷ் பாணிக் கூட்டக் குறிப்புகளில் இது ஏற்கப்பட்ட முறை. அடுத்தடுத்த வரிகளில் ‘தி இன்வாய்ஸ் வுட் பி செண்ட்’ என்று வந்தால், பேச்சு இன்னும் கூட்டத்தில் சொன்னவரின் கணக்கில்தான் ஓடுகிறது என்று வாசகர் அந்த ‘வுட்’டை வைத்தே அறிவார். நம் அலுவலகத்தில் அதே வரியைப் படிப்பவர், எழுதியவரே பணிவாகச் சொல்லும் வாக்குறுதி என்று எடுத்துக்கொள்வார். ‘பில் வரும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்’ என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது. சலிப்பாக இருந்தாலும் சரி, வாக்குறுதி, தடை, குற்றச்சாட்டு ஆகிய மூன்று வகை வாக்கியங்களிலும் யார் சொன்னது என்பதை மறுபடி எழுதிவிடுவது நல்லது. நடையழகை அங்கே பார்க்க வேண்டியதில்லை.

7. நாளைக் குறிக்கும் சொற்கள்

மின்னஞ்சல் எழுதிய நாளிலேயே படிக்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. அது முன்னனுப்பப்படும், வெள்ளிக்கிழமை வேறொரு மின்னஞ்சலின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும், மூன்று மாதம் கழித்து ஒரு தகராறில் தேடி எடுக்கப்படும். அப்போது ‘டுடே’, ‘எஸ்டர்டே’ எல்லாம் எந்த நாள் என்று மேலே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு வாசகருக்கு அது முதல் நாளே சிக்கல்தான். சென்னையில் புதன்கிழமை காலை 8 மணி என்பது ஏப்ரல் மாதத்தில் நியூயார்க்கில் செவ்வாய்க்கிழமை இரவு 10.30. அந்த நேரத்தில் போய்ச் சேரும் ‘எஸ்டர்டே’ அவருக்குத் திங்கட்கிழமை. வினையின் காலம் பிசகினால் சாயல் மாறும். நாள் பிசகினால் தேதியே மாறிவிடும். இரண்டில் ஒன்றைத்தான் சரிபார்க்க நேரமிருக்கிறது என்றால் நாளைச் சரிபார்க்க வேண்டும். கிழமையும் தேதியும் சேர்த்து எழுதினால், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதபோது பிழையும் தானே வெளிப்படும்.

‘ஷி சேஸ்’ என்று சொல்லும் வினையையே நிகழ்காலத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லைகள் இருக்காதே என்று கேட்கலாம். அப்படி எழுதும்போது பின்னகர்வு தேவையில்லைதான். மேலாளரின் நிலையான கொள்கைக்கு, அதாவது பழைய ஃபைலைத் தொடக்கூடாது என்பது போன்ற ஒன்றுக்கு, அது பொருந்தும். ஆனால் ‘இன் எஸ்டர்டேஸ் மீட்டிங்’ என்று தொடங்கிவிட்டு ‘சேஸ்’ எழுத முடியாது. நேற்றைய கூட்டம் என்ற சொற்களே இறந்தகாலத்தைக் கட்டாயமாக்கிவிடுகின்றன.

8. பாடத்தைப் பற்றி ஒரு கோரிக்கை

நம் தேர்வுத்தாள்களில் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றச் சொல்லும் கேள்வியில் மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியம் இருக்கும், சொன்னவர் பெயர் இருக்கும். எப்போது சொன்னார், எப்போது எழுதப்படுகிறது, இடையில் என்ன நடந்தது என்பவை இருக்காது. அவை இல்லாதபோது ‘வில்’லா ‘வுட்’டா, ‘டுடே’யா ‘தி நெக்ஸ்ட் டே’யா என்பதற்கு ஒரே சரியான விடை இருக்க முடியாது, அட்டவணையை ஒப்பிப்பது ஒன்றுதான் மாணவருக்கு மிஞ்சுகிறது. கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொரு வாக்கியத்தோடும் சொன்ன தேதியையும் எழுதும் தேதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூடவே ‘மஸ்ட்’ வரும் எதிர்மறை வாக்கியம் ஒன்றையாவது வைக்க வேண்டும்.